கடை ஒருவருக்கு, கட்டடம் ஒருவருக்கு, பணம் ஒருவருக்கு: வாரிசுகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

1. அப்பா பெயரில் இருந்த லைசென்ஸும் சொத்துதானே? அதிலும் எங்கள் மூவருக்கும் சமபங்கு உண்டா?

பெரும்பாலும் இல்லை. இன்னார், இன்ன இடத்தில், இன்ன தொழிலைச் செய்யலாம் என்று அரசு தரும் அனுமதியே உரிமம். அந்த மூன்றில் எது மாறினாலும் அனுமதியை மறுபடி கேட்க வேண்டியிருக்கும். உரிமம் பெற்றவர் இறந்தவுடன் முதலாவது மாறிவிடுகிறது. ஆகவே வீட்டையோ வங்கி இருப்பையோ போல அது தானாகவே பிள்ளைகளின் பங்காகிவிடுவதில்லை. விலைக்கு வாங்கி விற்கக்கூடிய உரிமங்களும் சில உண்டு. நியூயார்க் நகரத்தின் டாக்சி உரிமமான மெடாலியன் அப்படிப்பட்டது. உங்கள் உரிமம் எந்த வகை என்பதை, அதை வழங்கிய அலுவலகத்தின் விதிகளில் ‘மாற்றம்’, ‘இறப்பு’ என்ற தலைப்புகளின் கீழ் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

‘கடை’ என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் நான்கு: உரிமம், இடம், வியாபாரம் (சரக்கு, தளவாடம், வரவேண்டிய பாக்கி, கடையின் நற்பெயருக்கும் வாடிக்கைக்கும் உள்ள மதிப்பான குட்வில்), கொடுக்கவேண்டிய கடன். அப்பா இருந்தவரை நான்கும் ஒருவரிடமே இருந்ததால் யாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. யாருக்கு எத்தனை பங்கு என்பதை உங்கள் நாட்டின் வாரிசுரிமைச் சட்டமோ உயிலோ தீர்மானித்துவிடும். அதற்குப் பிறகு இந்த நான்கையும் எப்படிப் பிரித்து, எப்படி மறுபடி ஒன்றோடொன்று இணைப்பது என்பதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன்.

2. பங்கு முடிவாகும்வரை கடையை அப்படியே நடத்தலாம் இல்லையா?

நடத்தலாமா என்பதைவிட எத்தனை நாள் நடத்தலாம் என்று கேட்பதே சரி. இந்தியாவில் உணவு வணிக உரிமத்துக்கான 2011ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, உரிமதாரர் இறந்தால் அது அவருடைய சட்டப்படியான பிரதிநிதிக்காக 90 நாள்கள் உயிருடன் இருக்கும். அதற்கு மேல் நீட்டிப்பது அதிகாரியின் அனுமதியைப் பொறுத்தது. இங்கிலாந்தில் மது விற்பனைக்கான இட உரிமம், 2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிமதாரர் இறந்தவுடனேயே காலாவதியாகிவிடுகிறது; 28 நாள்களுக்குள் இடைக்கால அறிவிப்போ மாற்ற விண்ணப்பமோ கொடுத்தால்தான் அதை மீட்க முடியும். துக்க வீட்டில் 28 நாள் எவ்வளவு விரைவாக ஓடிவிடும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வரிப் பதிவு இதிலிருந்து வேறானது. இந்தியாவில் தனி உரிமையாளர் இறந்தபின் தொழிலைத் தொடர்பவர் தம் பெயரில் புதிதாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டும். சரக்கு வாங்கியபோது கட்டிய வரிக்காகப் பழைய பதிவில் தேங்கியிருக்கும் உள்ளீட்டு வரி வரவை உரிய படிவத்தின் மூலம் புதிய பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். பழைய பதிவை முதலில் ரத்துசெய்துவிட்டால் அந்த வரவை மீட்பது சிக்கலாகும். கடைக் காப்பீடும் இறந்தவர் பெயரிலேயே இருக்கும் என்பதால், காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அப்பாவின் பெயரில் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிப்பதை மட்டும் யாரும் செய்யக் கூடாது; பின்னால் அது உரிமத்தையே ரத்துசெய்வதற்குக் காரணமாகலாம்.

3. அவசரத்துக்கு லைசென்ஸை அக்கா பெயருக்கு மாற்றச் சொல்கிறார்கள். மாற்றினால் கடையே அவருடையது ஆகிவிடாதா?

ஆகாது. ஆனால் எழுத்தில் எதுவும் இல்லையென்றால், சில ஆண்டுகள் கழித்து ஆகிவிட்டது போலத் தோன்றும். உரிமம் யார் பெயரில் இருக்கிறது என்பது அரசுக்கு யார் பொறுப்பாளி என்பதைக் காட்டுமேயன்றி, சரக்கும் கட்டடமும் யாருடையவை என்பதைத் தீர்மானிக்காது. காலக்கெடு நெருங்கும்போது ஒருவர் பெயருக்கு மாற்றுவதே பெரும்பாலும் சரியான முடிவு. காலாவதியான உரிமத்தால் மூவருக்கும் நட்டம்.

மாற்றுவதற்கு முன் எல்லா வாரிசுகளும் கையெழுத்திடும் இடைக்கால ஒப்பந்தம் ஒன்று வேண்டும். உரிமத்தை அக்கா எல்லோருக்காகவும் வைத்திருக்கிறார், இதனால் யாருடைய பங்கும் குறையாது என்பது அதன் முதல் வரி. அப்பா இறந்த நாளன்று இருந்த சரக்கின் கணக்கும் வங்கி இருப்பும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும். நடத்துபவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, இடைக்கால லாபம் எந்தக் கணக்கில் சேரும், ஒப்பந்தம் எந்தத் தேதியில் முடியும் என்பவையும் இடம்பெற வேண்டும். அந்தச் சரக்குக் கணக்கைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அலமாரியில் இருப்பது அப்பாவின் சரக்கா, அக்கா வாங்கிப் போட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது.

4. சில்லறை எனக்கு, மொத்த வியாபாரம் தம்பிக்கு என்று லைசென்ஸையே இரண்டாகப் பிரிக்க முடியாதா?

ஒரே உரிமத்தை வெட்டிப் பிரிப்பது அரிது. நடைமுறையில் ஒருவர் பழைய உரிமத்தைத் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வார். மற்றவர் தம் பகுதிக்குப் புதிய உரிமம் கேட்பார். புதிய உரிமத்துக்கு இன்றைய விதிகள்தான் பொருந்தும். அப்பா வாங்கிய காலத்து விதிகள் உதவாது. தகுதிச் சான்று, குறைந்தபட்சப் பரப்பு, தனி வாசல் எல்லாம் மறுபடி சரிபார்க்கப்படும். எடுத்துக்காட்டாக, இந்தியாவில் மருந்துக் கடைக்குக் குறைந்தது 10 சதுர மீட்டர் இடமும், சில்லறையும் மொத்தமும் சேர்ந்தால் 15 சதுர மீட்டரும் வேண்டும். ஏற்கெனவே 15 சதுர மீட்டரில் இயங்கும் கடைக்குள் சுவர் எழுப்பி இரண்டாக்கினால் ஒரு பகுதியாவது விதிக்கு உட்படாமல் போகும்.

ஆகவே, பிரிக்கலாம் என்று குடும்பத்தில் முடிவு செய்வதற்கு முன் தம்பி பெயரில் புதிய உரிமம் கிடைக்குமா என்று அலுவலகத்தில் கேட்டு அறியுங்கள். பாகப்பிரிவினைப் பத்திரத்திலும், அந்த உரிமம் கிடைத்தால் மட்டுமே அந்தப் பகுதி நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையையும், கிடைக்காவிட்டால் தம்பிக்கு ஈடாக என்ன தரப்படும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

5. கடையின் மதிப்பை எப்படிப் போடுவது? ஆளுக்கு ஒரு கணக்கு சொல்கிறார்கள்.

கட்டடத்தைத் தனியாகவும் வியாபாரத்தைத் தனியாகவும் மதிப்பிட வேண்டும். சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் கலப்பதால்தான் எழுகின்றன. கட்டடத்துக்குச் சந்தை மதிப்பு. சரக்குக்கு வாங்கிய விலை, அதிலும் விற்காமல் தேங்கியதைக் கழித்து. வரவேண்டிய பாக்கியில் உண்மையிலேயே வசூலாகக்கூடியது மட்டும்.

குட்வில் கணக்கில்தான் கவனம் தேவை. ஆண்டு மிச்சம் 12 அலகு என்று வைத்துக்கொள்வோம் (அலகு என்பதற்கு உங்கள் நாணயத்தில் எந்தத் தொகையையும் வைத்துக்கொள்ளலாம்). சொந்தக் கட்டடம் என்பதால் அப்பா வாடகை கொடுக்கவில்லை; தாமே உழைத்ததால் சம்பளமும் எடுக்கவில்லை. அந்த இடத்துக்குச் சந்தை வாடகை 2.5, அந்த வேலைக்கு வெளியாள் ஒருவரை வைத்தால் சம்பளம் 5 என்றால், தொழில் தன் பலத்தால் ஈட்டுவது 4.5 மட்டுமே. இரண்டு ஆண்டு லாபத்தைக் குட்வில்லாக எடுப்பதென்று ஒத்துக்கொண்டால் அது 9 அலகு. வாடகையைக் கழிக்க மறந்தால் 14 ஆகிவிடும். கட்டடத்தின் மதிப்பு ஒருமுறை கட்டடமாகவும் இன்னொருமுறை குட்வில்லாகவும் எண்ணப்படும். சம்பளத்தையும் கழிக்காவிட்டால் 24. அப்போது தொழிலை எடுப்பவர், தாம் இனிமேல் உழைக்கப்போகும் உழைப்புக்கே உடன்பிறந்தவர்களுக்கு விலை கொடுப்பார்.

6. பல வருஷம் சம்பளம் வாங்காமல் அப்பாவுடன் கடையில் நின்றவள் நான். எனக்குக் கூடுதல் பங்கு இல்லையா?

நியாயத்தில் உண்டு, சட்டத்தில் அது தானாக வந்துவிடாது. பல இடங்களில், எழுத்தோ கணக்கோ இல்லாத பழைய உழைப்பை அன்பின்பேரில் செய்ததாகவே நீதிமன்றம் கருதக்கூடும். அப்பாவின் கணக்கேட்டில் உங்கள் பெயரில் சம்பளம் வரவாகியிருந்தாலோ, கடை உங்களுக்குத்தான் என்று அவர் வாக்களித்ததை நம்பி வேறு வேலையை விட்டதற்கு ஆதாரம் இருந்தாலோ நிலைமை மாறலாம். வழக்கறிஞரிடம் அதைத்தான் முதலில் காட்ட வேண்டும்.

பேச்சில் இதைத் தீர்ப்பதானால், பங்கின் விகிதத்தை மாற்றக் கேட்காமல், கடை உங்களுக்குக் கொடுக்கவேண்டிய கடனாக ஒரு தொகையைக் கேட்பது எளிது. மற்றவர்கள் சமபங்கு என்ற கொள்கையை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்காது. நான் பார்த்தவரை பங்கைக் கூட்டிக் கேட்டபோது எழும் கோபம், தொகையாகக் கேட்டபோது எழுவதில்லை.

7. அக்காவுக்குக் கடை நடத்த வேண்டும், அண்ணனுக்கு மாதாமாதம் வாடகை வர வேண்டும், எனக்குப் பணமாக வேண்டும். மூன்றும் ஒரே சமயத்தில் நடக்குமா?

பல குடும்பங்களில் நடக்கும். கேள்வி 5இன் கணக்கையே தொடர்வோம். கட்டடம் 60 அலகு: கடை இருக்கும் தரைத்தளம் 36, காலியாக உள்ள மாடி 24. வியாபாரம் 30: சரக்கு 15, வசூலாகும் பாக்கி 3, தளவாடம் 3, குட்வில் 9. கொடுக்கவேண்டிய கடன் 12. நிகரம் 78, மூவருக்கும் சமபங்கு என்றால் ஆளுக்கு 26.

அக்கா வியாபாரம் முழுவதையும் கடன் முழுவதையும் ஏற்கிறார்: 30 போக 12, அதாவது 18. மாடிக்குத் தனி வழியும் தனிப் பத்திரமும் சாத்தியமென்றால் அதை விற்று 24ஐ, பணமாகக் கேட்கும் இளையவருக்குக் கொடுக்கலாம். மீதி 2ஐ அக்கா ரொக்கமாகத் தருகிறார். இளையவர் 26 வாங்கிக்கொண்டு முழுமையாக விலகுகிறார். தரைத்தளத்தின் 36இல் 26 அண்ணனுக்கு, 10 அக்காவுக்கு. அக்காவின் கணக்கு: 18உடன் 10 சேர்த்து, கொடுத்த 2ஐக் கழித்தால் 26. தளத்தின் வாடகை 2.5 என்பதால், அண்ணனின் பங்குக்கு உரிய ஏறத்தாழ 1.8 அலகை அக்கா ஆண்டுதோறும் அவருக்குத் தருவார். மாடி விற்பனையின் தரகும் வரியும் மூவருக்கும் பொதுச் செலவு என்று முன்பே எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவை இளையவரின் தலையில் விழும்.

காகிதங்களின் வரிசை முக்கியம். உரிமத்தைத் தம் பெயரில் நிலையாக வைத்திருக்க, அந்த இடத்தைப் பயன்படுத்தும் உரிமை தமக்கு இருப்பதை அக்கா காட்ட வேண்டியிருக்கும். ஆகவே குத்தகைப் பத்திரமும் பாகப்பிரிவினைப் பத்திரமும் ஒரே நாளில் கையெழுத்தாக வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றால், இடையில் அண்ணன் மனம் மாறினால் அக்காவிடம் நிற்க இடமில்லாத உரிமமும் கடனும் மட்டுமே மிஞ்சும். மாடி விற்கும்வரை இளையவருக்குப் பணம் வராது என்பதையும் கவனியுங்கள். அதற்கு ஒரு கெடு வைத்து, தாண்டினால் வட்டி, அல்லது மாடியே அவர் பெயருக்கு மாறும் என்று எழுதலாம்.

8. அந்தக் குத்தகையில் என்னென்ன இருக்க வேண்டும்? கூடப்பிறந்தவர்களுக்குள் எதற்கு இவ்வளவு காகிதம்?

நாளை அந்தக் காகிதத்தைப் படிக்கப்போவது உடன்பிறந்தவராக இல்லாமல் இருக்கலாம். அவருடைய மனைவியோ பிள்ளைகளோ பங்கை வாங்கிய வெளியாளோ படிப்பார்கள். காலம் பத்து ஆண்டுக்குக் குறையாமலும், வாடகை எப்போது எவ்வளவு உயரும் என்ற கணக்குடனும், பழுதுபார்ப்பில் எது யார் செலவு என்ற பிரிவுடனும் எழுதுங்கள். இந்தியாவில் ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவுசெய்யாவிட்டால் அந்தக் காலவரையறை செல்லாமல் போகும்.

கேள்வி 7இன் ஏற்பாட்டில் அண்ணனின் கையில் பாதிக்கு மேல் பங்கு இருக்கிறது. அவர் நினைத்தால் நீதிமன்றம் மூலம் விற்பனை கேட்க இடமுண்டு (கேள்வி 9). அதனால், அவர் பங்கை விற்கும்போது முதலில் அக்காவிடம்தான் கேட்க வேண்டும், விலையை இருவரும் ஏற்ற மதிப்பீட்டாளர் சொல்வார் என்ற விதியும் தேவை. மறுபக்கம் அண்ணனுக்கும் பாதுகாப்பு வேண்டும். அக்கா தொழிலை மூடினாலோ உரிமத்தை வேறு இடத்துக்கு மாற்றிக்கொண்டாலோ, காலி இடத்தை அவர் எத்தனை மாத முன்னறிவிப்போடு திரும்பப் பெறுவார் என்பதும் அதே பத்திரத்தில் இருக்கட்டும்.

9. தம்பி எதற்குமே கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் எதை மறுக்கிறார் என்று பிரித்துக் கேளுங்கள். உரிமத்துக்கு ஒப்புதலை மறுத்தால், பெரும்பாலும் கேள்வி 3இல் சொன்ன அச்சமே காரணம். அந்த இடைக்கால ஒப்பந்தத்தைக் காட்டினால் பலர் இறங்கிவருகிறார்கள். மதிப்பை மறுத்தால், அவரே மதிப்பீட்டாளரைத் தேர்ந்தெடுக்கட்டும்.

அதற்கும் மசியாவிட்டால் சட்டம் யாரையும் என்றென்றும் கூட்டுச் சொத்தில் கட்டிப்போடுவதில்லை. இந்தியாவின் 1893ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி, நியாயமாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்குமாறு பாதியோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள் கேட்கலாம். விற்கச் சொன்னவரின் பங்கை மதிப்பிட்ட விலைக்குத் தாமே வாங்க மற்றவர் விண்ணப்பிக்கலாம். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு, உயிலின்றி வந்த அசையாச் சொத்திலோ தொழிலிலோ, மகன், மகள், மனைவி, தாய் போன்ற முதல் வகுப்பு வாரிசு ஒருவர் தம் பங்கை மாற்ற முனைந்தால், மற்ற முதல் வகுப்பு வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை தருகிறது. பிரான்சில் தொழிலில் பங்கெடுத்துவந்த வாரிசு, மற்றவர்களுக்கு ஈட்டுத்தொகை கொடுத்து அந்தத் தொழிலைத் தமக்கே ஒதுக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்க முடியும். ஆனால் வழக்கு நடக்கும் காலம் முழுவதும் உரிமத்தின் கெடு ஓடிக்கொண்டிருக்கும். கட்டடம் காத்திருக்கும், உரிமம் காத்திருக்காது என்பதைத் தம்பியிடம் நேராகவே சொல்லுங்கள். தாமதத்தால் குறையும் குட்வில்லில் அவருடைய பங்கும் இருக்கிறது.

10. கட்டடம் எங்களுடையது இல்லை, வாடகைக் கடை. அப்போது?

பிரிக்க வேண்டியவற்றில் ஒன்று குறைகிறது, ஆனால் ஆபத்து கூடுகிறது. வாடகை உரிமை வாரிசுக்கு வருமா, வந்தால் எல்லோருக்குமா அல்லது கடையில் உடன் உழைத்தவருக்கு மட்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். கட்டட உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் உரிமத்தை மாற்றுவது பெரும்பாலும் முடியாது. அவரிடம் ஒருவர் மட்டும் பேசுங்கள். மூன்று பேர் மூன்று விதமாகப் பேசினால், கடையை மூடிவிடுவார்கள் என்று நினைத்து அவர் வேறு ஆள் தேடத் தொடங்குவார். குட்வில்லும் மிச்சமிருக்கும் குத்தகைக் காலத்தைப் பொறுத்தே மதிப்புப் பெறும்.

11. கடன் எல்லாம் அக்காவுடையது என்று எழுதிவிட்டோம். இனி எங்களுக்குப் பொறுப்பில்லையே?

உங்களுக்குள் இல்லை. கடன் கொடுத்தவருக்கு உங்கள் ஒப்பந்தம் கட்டுப்பாடல்ல. வாரிசுச் சொத்திலிருந்து பெற்ற அளவுக்கு அவர் உங்களையும் கேட்க முடியும். வங்கியும் பெரிய சரக்கு வழங்குநர்களும் உங்களை விடுவித்து எழுதிக் கொடுக்க வேண்டும், அல்லது கேள்வி 7இல் மாடி விற்ற பணத்திலிருந்து முதலில் கடனை அடைத்துவிட்டு மீதியைப் பங்கிட வேண்டும். அப்பாவின் கடனுக்கு நீங்கள் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால், அது வாரிசுப் பொறுப்போடு சேராத தனிப் பொறுப்பு. அதற்குத் தனி விடுவிப்பு தேவை.

12. இறந்துபோன அண்ணனின் மகனுக்குப் பதினைந்து வயது. அவன் பங்குக்கு அவன் அம்மா கையெழுத்துப் போட்டால் போதுமா?

பல சமயங்களில் போதாது. இந்தியாவில் இந்து மைனரின் அசையாச் சொத்தை இயற்கைப் பாதுகாவலர் நீதிமன்ற அனுமதியின்றி விற்றால், மைனர் தரப்பு அதை ரத்துசெய்ய வழக்கிட முடியும். மைனரின் பங்கைக் குறைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் அனுமதி பெற்றுவிடுவதே நல்லது. கூட்டாண்மை அமைத்தால், 1932ஆம் ஆண்டுச் சட்டப்படி அவனைப் பங்காளியாக்க முடியாது; லாபத்தில் மட்டும் சேர்க்கலாம், வயதுவந்த பின் ஆறு மாதத்துக்குள் அவன் முடிவு சொல்ல வேண்டும். என் கருத்தில், அப்படிப்பட்ட பிள்ளைக்குத் தொழிலில் பங்கு தருவதைவிடக் கட்டடத்தில் பங்கு தருவது பொருத்தம். உரிமத்தின் ஏற்றஇறக்கம் அவனைத் தொடாது, வாடகை அவன் பெயரிலேயே சேரும்.

13. எல்லாம் பிரித்த இரண்டாம் வருஷம் அக்கா கடையைப் பெரிய விலைக்கு விற்றுவிட்டால்?

அக்கா ஏமாற்றினார் என்று பொருளல்ல. ஆனால் அந்த மனத்தாங்கல் தீராது. அதற்கு முன்பே ஒரு விதி எழுதலாம். மூன்று ஆண்டுக்குள் தொழிலை விற்றால், குட்வில்லாக ஏற்ற 9 அலகுக்கு மேல் கிடைப்பதில் முதல் ஆண்டில் முழுதும், இரண்டாம் ஆண்டில் மூன்றில் இரண்டும், மூன்றாம் ஆண்டில் மூன்றில் ஒன்றும் மூவருக்கும் சமமாகப் பிரியும். அக்கா புதிதாகப் போட்ட முதலீடு ரசீதோடு முதலில் கழிக்கப்படும். மூன்று ஆண்டுக்குப் பின் கிடைப்பது அவருடைய உழைப்பின் பலன். அதில் பங்கு கேட்க யாருக்கும் இடமில்லை.